இரண்டு வஸா-ஆரி ஒரு இப்பான் ஆகுமா?

இன்றைய சர்வதேச ஜூடோவில் ஒரு ஆட்டத்துக்கு நான்கு நிமிடம். ஆனால் எதிராளியை வேகமாகவும் பலமாகவும் முதுகு தரையில் படும்படி எறிந்து, அவர் விழுந்து முடியும்வரை பிடியை விடாமல் வைத்திருந்தால் அது இப்பான். பத்தாவது நொடியில் அது நடந்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். எறிதலில் ஏதோ ஒன்று குறைந்தால் கிடைப்பது வஸா-ஆரி. ஒரே வீரர் இரண்டு வஸா-ஆரி எடுத்துவிட்டால் அவை சேர்ந்து இப்பான் ஆகின்றன. அப்போதும் கடிகாரம் நிற்கிறது.

இந்தக் கடைசி விதி ஒரு நெடுநாள் கேள்வியைக் கிளப்புகிறது. குறையுள்ள இரண்டு எறிதல்களைக் கூட்டினால் குறையில்லாத ஒன்று கிடைக்குமா? ஜூடோ உலகம் இதற்கு நெடுங்காலம் ஆம் என்று சொல்லிவந்தது. 2017-இல் இல்லை என்றது. மறு ஆண்டே பழைய பதிலுக்குத் திரும்பியது. 2025-இல் பதிலை மாற்றாமல், கூட்டப்படும் பொருளின் அளவை மாற்றியது. இந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதுகு தரையில் படுவதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஜிகோரோ கானோ 1882-இல் தோக்கியோவில் கோதோகான் பள்ளியைத் தொடங்கியபோது, பல ஜுஜுத்ஸு மரபுகளிலிருந்து எடுத்த நுட்பங்களைக் காயமின்றிப் பழகக்கூடிய பயிற்சியாக ஒழுங்குபடுத்தினார். போட்டி என்று வந்ததும் வெற்றிக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. எதிராளியை முடமாக்கிக் காட்ட முடியாது. ஆனாலும் ‘இது உண்மையான சண்டையாக இருந்திருந்தால் இங்கே முடிந்திருக்கும்’ என்று பார்ப்பவர் ஒப்புக்கொள்ள வேண்டும். முதுகு அடிபட விழுவது அந்த அடையாளமாயிற்று.

இதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கில் உண்டு. கடினமான நிலத்தில் முதுகு அறைய விழுந்தவர் எழுந்து சண்டையைத் தொடர மாட்டார் என்பது ஒன்று. எதிராளியின் உடலை முழுவதும் தன் வசப்படுத்தியவரால்தான் அவரை இவ்வளவு துல்லியமாக முதுகில் விழவைக்க முடியும். ஆகவே இப்பான் அளப்பது சேதத்தை அல்ல, கட்டுப்பாட்டை என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தை ஏற்றால் குறையுள்ள இரண்டு எறிதல்களைக் கூட்டுவதற்கு ஒரு நியாயம் பிறக்கிறது, ஏனென்றால் அடிமேல் அடி விழும்போது சேதமும் கூடும். இரண்டாவதை ஏற்றால் கூட்டல் இடறுகிறது. அரைகுறைக் கட்டுப்பாட்டை இரண்டு முறை காட்டியவர் முழுக் கட்டுப்பாட்டை ஒரு முறைகூடக் காட்டவில்லை.

இன்றைய விதிநூல் இரண்டையும் கலந்தே வைத்திருக்கிறது. வேகம், பலம், முதுகில் விழுதல், விழுந்து முடியும்வரை கட்டுப்பாடு ஆகிய நான்கும் இருந்தால் இப்பான். முதுகில் விழுந்தும் வேகம் போதவில்லை, அல்லது உடல் நடுவில் ஒரு கணம் தடைப்பட்டு உருண்டது என்றால் வஸா-ஆரி. நடுவர் இப்பானுக்குக் கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்துவார். வஸா-ஆரிக்குத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டுவார். இரண்டாவது வஸா-ஆரி விழும்போது கை முதலில் பக்கவாட்டில் நீண்டு, பிறகு மேலே எழும். ‘வஸா-ஆரி அவசேதே இப்பான்’ என்ற அறிவிப்பும் அதோடு வரும்.

முதலில் யார் எறிந்தார் என்பதே சில வேளைகளில் தெளிவாவதில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில், 100 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதி ஆட்டத்தில், பிரான்சின் டேவிட் டுயே தன் காலை எதிராளியின் தொடைகளுக்கு இடையே வீசி எறிய முயன்றார். ஜப்பானின் ஷினிச்சி ஷினோஹாரா அந்தக் காலுக்குப் பிடிகொடுக்காமல் விலகி, அந்த வேகத்தைக் கொண்டே டுயேவைத் திருப்பினார். இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். மூலையில் அமர்ந்திருந்த துணை நடுவர் ஒருவர் ஷினோஹாராவுக்கு இப்பான் என்று கையை உயர்த்தினார். நடுவரும் மற்றொரு துணை நடுவரும் டுயேவுக்கு யூகோ என்ற சிறு புள்ளியைக் கொடுத்தார்கள். ஷினோஹாரா தான் வென்றுவிட்டதாகவே நினைத்தார். ஆட்டம் தொடர்ந்தது, கடைசியில் தங்கம் டுயேவுக்குப் போனது. ஜப்பான் தெரிவித்த எதிர்ப்பு முடிவை மாற்றவில்லை. ஒரே அசைவை ஒருவர் ஆட்டத்தையே முடிக்கும் புள்ளியாகவும், மற்ற இருவர் எதிர்த்தரப்பின் சிறு புள்ளியாகவும் பார்த்தார்கள். வீடியோ மறுபார்வை வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்த ஆட்டம் வலுவான சான்றாக நின்றது.

கூட்டலின் பிறப்பும் படிநிலைகளின் காலமும்

தொடக்ககால விதிகளில் ஒரு ஆட்டத்தை வெல்ல இரண்டு இப்பான் தேவைப்பட்டது. பிற்பாடு ஒன்றே போதும் என்றானது. இந்த மாற்றம் ஒவ்வொரு எறிதலின் எடையையும் கூட்டிவிட்டது. முன்பு ஒரு இப்பானை இழந்தவருக்கு மீள வழி இருந்தது, பிறகு இல்லை. இந்நிலையில் இப்பானுக்கு ஓர் இழையில் தவறிய எறிதலைக் கணக்கில் எடுக்காமல் விடுவது அநியாயமாகத் தோன்றும். அதை வஸா-ஆரி என்று பதிந்து, இரண்டாவது முறையும் அதையே செய்தவரை வென்றவராக அறிவிப்பது இயல்பான ஏற்பாடு. இந்தத் தர்க்கம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வஸா-ஆரி என்பது ஏறத்தாழ இப்பானாகவே இருக்க வேண்டும். அந்த நெருக்கம் இருக்கும்வரை கூட்டல் உறுத்தாது.

ஜூடோ 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றபோது புள்ளிகள் இந்த இரண்டு மட்டுமே. இரண்டுமே விழாத ஆட்டங்கள் நடுவர் தீர்ப்புக்குப் போயின, அங்கே சச்சரவுக்கும் பஞ்சமில்லை. 1970-களின் நடுப்பகுதியில் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு வஸா-ஆரிக்குக் கீழே யூகோ, அதற்கும் கீழே கோகா என்று இரண்டு படிகளைச் சேர்த்தது. பக்கவாட்டில் விழுந்தால் யூகோ, பிட்டத்தில் உட்கார்ந்து விழுந்தால் கோகா என்பது பொதுவான வழக்கு.

இந்தப் படிகளுக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. எத்தனை கோகா சேர்ந்தாலும் ஒரு யூகோ ஆகாது. எத்தனை யூகோ சேர்ந்தாலும் ஒரு வஸா-ஆரி ஆகாது. ஐந்து யூகோ எடுத்தவரும் ஒரே ஒரு வஸா-ஆரி எடுத்தவரிடம் தோற்பார். கூட்டல் அனுமதிக்கப்பட்ட ஒரே இடம், இரண்டு வஸா-ஆரி சேர்ந்து இப்பான் ஆகும் அந்த மேல்படிதான். அதாவது, இப்பானுக்கு அருகில் இல்லாத எதையும் எத்தனை முறை செய்தாலும் ஆட்டம் முடியாது என்ற கொள்கையை விதி காத்துவந்தது.

அந்த ஏற்பாட்டின் பலவீனம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு கோகா எடுத்துவிட்டு மீதி நேரத்தை ஓட்டுவது ஒரு தந்திரமாகவே வளர்ந்தது. எதிராளியைச் சற்று உட்காரவைத்தாலே வெற்றிக்குப் போதும் என்றால், முழு எறிதலுக்குப் போய் எதிர்வீச்சு வாங்கும் ஆபத்தை யார் ஏற்பார்? 2009 தொடக்கத்தில் கோகா எடுக்கப்பட்டது. 2017-இல் யூகோவும் போனது.

2017: கூட்டல் நின்ற ஆண்டு

2017-இல் மூன்று மாற்றங்கள் ஒன்றாக வந்தன. ஆண்கள் ஆட்ட நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து நான்காகக் குறைந்தது. யூகோ நீங்கியது, முன்பு யூகோ பெற்றிருக்கக்கூடிய எறிதல்கள் இனி வஸா-ஆரியாகவே கணக்கிடப்படும் என்றானது. கூடவே, எத்தனை வஸா-ஆரி எடுத்தாலும் அவை சேர்ந்து இப்பான் ஆகா என்று கூட்டலும் நிறுத்தப்பட்டது.

இந்த மூன்றாவது மாற்றத்தை மரபுமீறல் என்று பலர் கண்டித்தார்கள். இரண்டாவதோடு சேர்த்துப் பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. யூகோவின் இடத்தையும் விழுங்கிப் பருத்துவிட்ட வஸா-ஆரி இனி ‘ஏறத்தாழ இப்பான்’ அல்ல. பக்கவாட்டில் இரண்டு முறை விழுந்தவரை முதுகில் விழுந்தவராகக் கருத முடியாது. கூட்டலை நிறுத்தியது, அதன் அடிப்படை நிபந்தனை போய்விட்டதை நேர்மையாக ஒப்புக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது.

ஆனால் நடைமுறையில் அது வேறு சிக்கலைக் கொண்டுவந்தது. மூன்று, நான்கு வஸா-ஆரி எடுத்துத் தெளிவாக மேலோங்கி நிற்பவருக்கும் ஆட்டத்தை முடிக்கும் உரிமை இல்லை. எதிராளியின் ஒரு இப்பான் அத்தனையையும் அழித்துவிடும். அது முழுமைக்குத் தரும் மரியாதை என்றார்கள் ஒரு சாரார். திரும்பத் திரும்ப எறிந்தவரின் மேன்மைக்கு மதிப்பே இல்லையா என்று கேட்டார்கள் மறுசாரார். 2018-இல் கூட்டல் திரும்பியது. பருத்த வஸா-ஆரி அப்படியே இருந்தது. இந்த இணைப்புதான் நான்கு விதிமுறைகளிலும் மிகப் பலவீனமானது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒரே ஆட்டம், நான்கு விதிநூல்கள்

வேறுபாட்டைக் காண ஒரு கற்பனை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வெள்ளை உடை, மற்றவர் நீலம். முதல் நிமிடத்தின் முடிவில் வெள்ளை இடுப்பில் தூக்கி எறிகிறார். நீலத்தின் முதுகு தரையில் படுகிறது, ஆனால் வேகம் போதவில்லை. எல்லாக் காலத்திலும் இது வஸா-ஆரி. இரண்டரை நிமிடத்தில் வெள்ளை காலைத் தட்டி வீழ்த்துகிறார். நீலம் மேலுடலின் பக்கவாட்டில் விழுகிறார், முதுகுப் பக்கம் சாயவில்லை. கடைசி இருபது நொடிக்குள் நீலம் தோளுக்கு மேலாகப் புரட்டி வெள்ளையை முதுகு அறைய எறிகிறார். அதில் ஐயமே இல்லை, அது இப்பான்.

1990-களில் வெள்ளையின் இரண்டாவது எறிதல் யூகோ. வஸா-ஆரியும் யூகோவும் கூடாது. ஆட்டம் தொடர்கிறது, கடைசியில் நீலம் வெல்கிறார். 2017-இல் அது வஸா-ஆரி. இரண்டு வஸா-ஆரி இருந்தும் அவை கூடாததால் அப்போதும் நீலமே வெல்கிறார். 2018 முதல் 2024 வரை அதை நடுவர் வஸா-ஆரி என்று கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். கொடுத்தால் இரண்டரை நிமிடத்திலேயே ஆட்டம் முடிந்து வெள்ளை வெல்கிறார், நீலத்தின் அழகிய எறிதல் நடக்கவே இல்லை. 2025-இல் யூகோ திரும்பிவிட்டது. பக்கவாட்டு வீழ்ச்சி அந்தப் படிக்கு இறங்குகிறது, ஆட்டம் தொடர்கிறது, நீலம் வெல்கிறார். இரண்டு பேரும் செய்ததில் எதுவும் மாறவில்லை. பக்கவாட்டில் விழுந்த ஒரு வீழ்ச்சியை எந்தப் படியில் வைப்பது என்ற முடிவே வெற்றியாளரைத் தீர்மானிக்கிறது.

தரையில் ஓடும் கடிகாரம்

நின்று எறிவதில் நடுவரின் கண்தான் அளவுகோல். தரையில் அமுக்கிப் பிடிப்பதை நொடியால் அளக்க முடிவதால் அங்கே சர்ச்சை குறைவு. எதிராளியின் முதுகோ தோளோ தரையில் பட, மேலிருந்து அல்லது பக்கத்திலிருந்து அவரை அடக்கி, அவருடைய கால்களுக்குள் தன் காலோ உடலோ சிக்காமல் இருந்தால் நடுவர் ‘ஒசைகோமி’ என்று அறிவிப்பார், கடிகாரம் ஓடத் தொடங்கும். கீழிருப்பவர் காலால் பின்னிக்கொண்டோ புரண்டோ விடுபட்டால் ‘தொகேதா’, கடிகாரம் நிற்கும்.

1964-இல் நெதர்லாந்தின் அன்டன் கேசிங்க், ஜப்பானின் அகியோ காமினாகாவைத் திறந்த எடைப்பிரிவு இறுதி ஆட்டத்தில் இப்படி அமுக்கித்தான் வென்றார். அன்று இப்பானுக்கு 30 நொடி தேவை. பிறகு அது 25 ஆகி, 2013 முதல் 20 ஆக இருக்கிறது. இன்று 5 நொடி பிடித்தால் யூகோ, 10 நொடிக்கு வஸா-ஆரி, 20 நொடிக்கு இப்பான்.

கூட்டல் விதி மிகக் கூர்மையாக வேலை செய்வது இங்கேதான். ஏற்கெனவே ஒரு வஸா-ஆரி வைத்திருப்பவர் 20 நொடி காத்திருக்க வேண்டியதில்லை. பத்தாவது நொடியில் இரண்டாவது வஸா-ஆரி விழுந்து ஆட்டம் முடிகிறது. அதனால், எறிந்து வஸா-ஆரி பெற்றவர் கையை உயர்த்திக்கொண்டு நிற்காமல், விழுந்தவர் மார்பின்மேல் அப்படியே படர்ந்துவிடுகிறார். நின்று ஆடுவதையும் தரையில் ஆடுவதையும் இணைத்துக் கற்கவைத்ததில் இந்த விதிக்குப் பெரும் பங்கு உண்டு. கூட்டலை ஆதரிக்க எனக்குத் தெரிந்தவற்றில் வலுவான வாதம் இதுவே.

புள்ளியே இல்லாமல் முடிபவை

கழுத்து நெரிப்பிலும் கைமுட்டிப் பூட்டிலும் சிக்கியவர் இரண்டு முறைக்குக் குறையாமல் கையாலோ காலாலோ தட்டினால் அல்லது ‘மைத்தா’ என்று சொன்னால் அது எதிராளிக்கு இப்பான். மூட்டுப் பூட்டு முழங்கையில் மட்டுமே அனுமதி. தட்டாமல் மயங்கிவிட்டாலும் இப்பான்தான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 கிலோ காலிறுதியில் ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ கரிகோஸ், ஜப்பானின் ரியூஜு நாகாயாமாவின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தபோது நடுவர் ‘மத்தே’ என்று ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். நெரிப்பு உடனே விடவில்லை. சில நொடிகள் தொடர்ந்தது. விட்டபோது நாகாயாமா மயங்கிய நிலையில் இருந்தார். கரிகோஸுக்கு இப்பான் கொடுக்கப்பட்டது. நிறுத்தச் சொன்னபின் நேர்ந்த மயக்கத்தை எப்படிக் கணக்கில் எடுக்கலாம் என்பது ஜப்பான் தரப்பின் வாதம். நாகாயாமா களத்தைவிட்டு இறங்க மறுத்து நின்றார். முடிவு மாறவில்லை. பிறகு இருவருமே வெண்கலம் பெற்றார்கள். எறிதலில் சர்ச்சை எழுந்தால் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். நெரிப்பில் எந்தக் கணத்தில் உணர்வு போயிற்று என்பதை வெளியே இருக்கும் கேமரா காட்டாது.

தண்டனையாலும் ஆட்டம் முன்கூட்டியே முடியும். தாக்காமல் ஒதுங்குவது, பொய்யாகத் தாக்குவது, எதிராளி பிடிக்கவிடாமல் தடுப்பது, களத்துக்கு வெளியே கால்வைப்பது போன்றவற்றுக்கு ஷிடோ என்ற எச்சரிக்கை. மூன்றாவது ஷிடோ ஹன்சொகு-மகே, அதாவது தகுதிநீக்கம், எதிராளி வென்றவராகிறார். விழாமல் தப்பத் தலையைத் தரையில் ஊன்றுவது போன்ற ஆபத்தான செயலுக்கு எச்சரிக்கையின்றி நேராகவே ஹன்சொகு-மகே. மூன்று ஷிடோவால் முடியும் ஆட்டங்களைப் பற்றிய குறை நியாயமானது. யாரும் யாரையும் எறியாமல் பதக்கம் தீர்மானமாகிறது. ஷிடோவே இல்லாவிட்டால் ஒரு வஸா-ஆரியோடு ஓடி ஒளிபவரைத் தடுக்க ஆயுதம் இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

கோல்டன் ஸ்கோரில் மறையும் வேறுபாடு

நான்கு நிமிடத்தில் சமன் என்றால் கோல்டன் ஸ்கோர். முதலில் எந்தப் புள்ளி எடுத்தாலும் வெற்றி. முன்பு அதற்கும் கால வரம்பு இருந்தது. அதன்பின் நடுவர்கள் கொடி உயர்த்தித் தீர்ப்பளித்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மூன்று நடுவர்களும் கொரியாவின் சோ ஜுன்-ஹோவுக்குக் கொடி உயர்த்தி, மேற்பார்வைக் குழுவின் தலையீட்டுக்குப் பின் அதே மூவரும் ஜப்பானின் மசாஷி எபினுமாவுக்கு உயர்த்தியது அந்த முறையின் மதிப்பைக் குலைத்தது. அடுத்த ஆண்டே கொடித் தீர்ப்பு நீங்கி, கோல்டன் ஸ்கோர் வரம்பற்றதாயிற்று.

வரம்பற்றது என்றால் எவ்வளவு என்பதை 2020 டிசம்பரில் கோதோகானில் நடந்த ஒலிம்பிக் தேர்வு ஆட்டம் காட்டியது. ஹிஃபுமி அபேவும் ஜோஷிரோ மருயாமாவும் 24 நிமிடம் மோதினார்கள். முடித்துவைத்தது அபேயின் ஒரு வஸா-ஆரி. கூட்டலே தேவைப்படாத இந்தக் கட்டத்தில் வஸா-ஆரி இப்பானுக்கு நிகராகிவிடுகிறது. நான்கு நிமிடம்வரை பாதியாக இருந்தது அதன்பின் முழுதாகிறது. இரு வீரர்களின் உடல்நலத்தைக் கருதி இதை ஏற்கலாம். கொள்கை அளவில் இதற்கு விளக்கம் சொல்வது கடினம்.

இன்னும் முடியாதவை

கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், கூட்டல் சரியா தவறா என்று தனியாகக் கேட்பதில் பயன் குறைவு. வஸா-ஆரியின் கீழ்எல்லை இப்பானுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே கூட்டலின் நியாயம் கூடுகிறது, குறைகிறது. அவ்வகையில் 2025-இல் யூகோவைத் திரும்பக் கொண்டுவந்தது, கூட்டலைக் காப்பாற்றிய நடவடிக்கையாகவே தெரிகிறது.

ஆனால் அதோடு பழைய நோயும் திரும்பலாம். ஒரு யூகோவை எடுத்துவிட்டு மீதி நேரத்தை ஓட்டும் வழக்கம் மீண்டும் தலைதூக்குமா, அதை ஷிடோ அடக்குமா என்பதை இந்த ஒலிம்பிக் சுழற்சியின் ஆட்டங்கள்தான் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் விழும் உடல் எவ்வளவு பின்சாய்ந்தால் யூகோ வஸா-ஆரி ஆகிறது என்ற எல்லை, எத்தனை கேமரா வைத்தாலும் மூன்று நடுவர்களின் ஒத்த பார்வையையே நம்பி நிற்கிறது. கோல்டன் ஸ்கோரில் ஒரு யூகோவே ஆட்டத்தை முடிக்கும்போது, 1970-களில் எந்தச் சிறுமைக்கு எதிராகப் படிகளைப் பிரித்தார்களோ அந்தச் சிறுமை ஆட்டத்தின் மிக முக்கியமான கணத்தில் உள்ளே வருகிறது. கோல்டன் ஸ்கோரில் மட்டும் வஸா-ஆரிக்குக் குறையாத புள்ளி வேண்டும் என்று விதிக்கலாமா, அப்படி விதித்தால் 24 நிமிட ஆட்டங்கள் பெருகுமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் தெளிவான பதில் தரவில்லை.